ஜப்பான் மெகா டிரைவும் பேல் டிவியும்: வராமல் போன வண்ணத்தைக் கொண்டுவந்த பதிவு

ஜப்பானில் 1988-இல் வெளிவந்த முதல் மாடல் மெகா டிரைவ் என்ற சேகா விளையாட்டுக் கன்சோல் ஒன்றை வாங்கி, பழைய குழாய் டிவியில் இணைத்த நாள் முதல் ஐந்து வாரங்கள் அதில் பெரும்பாலும் கறுப்பு வெள்ளைப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். சென்ற ஞாயிறு மாலைதான் நீல வானமும் சிவப்பு எழுத்துகளும் முதல் முறையாக நிலையாக நின்றன. கன்சோலிலும் பழுது இல்லை, டிவியிலும் பழுது இல்லை என்பது நான்காவது வாரத்தில்தான் எனக்கு உறுதியானது. அதற்கு முன் செய்த தவறான முயற்சிகளையும் சேர்த்து வரிசையாக எழுதுகிறேன், ஏனெனில் இதே நிலையில் இருப்பவர் முதலில் தொடப்போவது பெரும்பாலும் நான் தொட்ட அதே இடங்களைத்தான்.

டிவி மெனுவில் PAL, NTSC என்று வரும் இரண்டு வண்ண முறைகளை இங்கே பேல், என்.டி.எஸ்.சி. என்று எழுதுகிறேன். ஜப்பானும் அமெரிக்காவும் என்.டி.எஸ்.சி. முறையைப் பின்பற்றிய நாடுகள். என் டிவி பேல் முறைக்கென்று செய்யப்பட்டது. அதன் மெனுவில் AUTO, PAL, SECAM என்ற மூன்று தேர்வுகள் மட்டுமே இருந்தன, NTSC இல்லை. இந்த வரியை முதல் நாளே கவனித்துப் பொருள் புரிந்துகொண்டிருந்தால் கேபிளுக்கும் கெப்பாசிட்டருக்கும் செலவு செய்திருக்க மாட்டேன்.

மின்சாரத்தைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. ஜப்பான் அடாப்டர் 100 வோல்ட்டுக்கு உரியது, அதை 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகக் கூடாது. நான் அதைத் தொடவே இல்லை. 9 வோல்ட், 1.2 ஆம்பியர் தரக்கூடிய வேறொரு டி.சி. அடாப்டரை எடுத்துக்கொண்டு, இந்த மாடலில் செருகியின் நடுப்பகுதி மைனஸ் என்பதால் முனைகளை மல்டிமீட்டரில் சரிபார்த்த பின்பே இணைத்தேன். ஆர்.எஃப். வழியையும் விட்டுவிட்டேன், ஏனெனில் ஜப்பானின் சேனல் அலைவரிசைகளும் ஒலி அலையின் இடைவெளியும் இந்த டிவிக்குப் பொருந்தாது. பின்புறமுள்ள 8 முள் வட்டச் செருகியிலிருந்து காம்போசிட் வீடியோவை எடுத்து டிவியின் மஞ்சள் ஏ.வி. துளையில் கொடுத்தேன்.

படம் உடனே வந்தது. அது உருளவில்லை, நடுங்கவில்லை, கூர்மையாகவும் இருந்தது. வண்ணம் மட்டும் இல்லை. வண்ண அளவை மெனுவில் 0 முதல் 100 வரை நகர்த்திப் பார்த்தபோது துளி மாற்றமும் தெரியவில்லை. அந்த அளவை நகர்த்தியும் எதுவும் மாறாதது ஒரு முக்கியமான தடயம் என்று பின்னால் புரிந்தது. வண்ணம் வலுவிழந்து வந்திருந்தால் 100-இல் சிறிதாவது எட்டிப் பார்த்திருக்கும்.

நான் முதலில் சந்தேகித்தது கேபிளை. இரண்டாவது கேபிள் வாங்கி மாற்றினேன், பலன் இல்லை. அடுத்ததாக, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட கருவி என்பதால் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள் வறண்டிருக்கும் என்று எண்ணி, வீடியோப் பகுதியைச் சுற்றியிருந்த ஏழையும் கழற்றிப் புதியவற்றைப் போட்டேன். கழற்றியவற்றை அளந்து பார்த்தபோது ஐந்து கெப்பாசிட்டர்கள் தம்மீது அச்சிட்ட அளவிலேயே இருந்தன, இரண்டு சிறிது குறைந்திருந்தன. படத்தின் ஓரங்கள் கொஞ்சம் தெளிவானது போல் தோன்றியது, அது உண்மையா என் விருப்பமா என்று சொல்ல முடியவில்லை. வண்ணம் வரவில்லை.

இந்தக் கட்டத்தில் பல ஆண்டுகள் டிவி பழுதுபார்த்த அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் கருவியைப் பார்க்காமலேயே கேட்ட கேள்வி இது: “கலர் சிக்னல் வரவே இல்லையா, இல்ல வந்தும் டிவி வேண்டாம்னு தள்ளுதா? மொதல்ல அதைப் பாருங்க தம்பி.” அதன் பிறகே இரண்டு எளிய சோதனைகளைச் செய்தேன். அதே ஏ.வி. துளையில் ஒரு டிவிடி பிளேயரைச் செருகினேன், நல்ல வண்ணம் வந்தது, ஆகவே டிவியின் வண்ணப் பகுதி உயிரோடு இருக்கிறது. கன்சோலை இன்னொருவர் வீட்டில் இருந்த பல முறைகளை ஏற்கும் எல்.சி.டி. டிவியில் இணைத்தேன், அங்கே முழு வண்ணம் வந்தது, திரை ஓரத்தில் NTSC என்ற எழுத்தும் தோன்றியது. ஆக, வண்ணம் கன்சோலிலிருந்து கிளம்புகிறது, என் டிவி அதை மறுக்கிறது. இரண்டு சோதனைகளும் சேர்ந்து அரை மணி நேரம்கூட எடுக்கவில்லை.

அண்ணன் கேட்ட கேள்விக்கான விடை அந்தச் சாம்பல் நிறப் படத்திலேயே இருந்தது. திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தபோது, நீலமாக இருக்க வேண்டிய பகுதி வெறும் சாம்பலாக இல்லாமல், அதன்மேல் மயிரிழை போன்ற செங்குத்துக் கோடுகள் நெருக்கமாக நின்றன. வெள்ளை எழுத்துகளின் மேல் அந்தக் கோடுகள் இல்லை, கறுப்புப் பகுதியிலும் இல்லை. நிறம் உள்ள இடத்தில் மட்டும் கோடு இருக்கிறது என்றால், அந்தக் கோடுதான் நிறம். டிவி வண்ணமாகப் பிரித்தெடுக்காமல் விட்ட அலை, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கமாகத் திரையில் விழுந்துகொண்டிருந்தது.

கைப்பேசியின் கேமராவை மிக அருகில் வைத்துப் படம் எடுத்து அந்தக் கோடுகளை எண்ணினேன். இந்த விளையாட்டின் எழுத்து ஒவ்வொன்றும் 8 புள்ளி அகலம் கொண்டது, ஆகவே எட்டு எழுத்துகளின் அகலம் 64 புள்ளி. அதே அகலமுள்ள நீலப் பகுதியில் 34 கோடுகள் இருந்தன. 320 புள்ளி அகலப் படத்தில் மெகா டிரைவ் நொடிக்குச் சுமார் 67.1 லட்சம் புள்ளிகள் என்ற வேகத்தில் வரைகிறது, அதாவது 6.71 மெகாஹெர்ட்ஸ். அதை 34-ஆல் பெருக்கி 64-ஆல் வகுத்தால் 3.57 மெகாஹெர்ட்ஸ் அருகே வருகிறது. என்.டி.எஸ்.சி. முறையில் வண்ணத்தைச் சுமக்கும் துணை அலையின் அதிர்வெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ். ஆசிலாஸ்கோப் இல்லாமல், ஒரு புகைப்படத்தையும் எண்ணுவதற்கான பொறுமையையும் கொண்டே கன்சோல் என்ன அனுப்புகிறது என்பது உறுதியானது.

பேல் டிவி எதிர்பார்ப்பது 4.43361875 மெகாஹெர்ட்ஸ். காம்போசிட் சிக்னலில் ஒவ்வொரு கிடைக்கோட்டின் தொடக்கத்திலும், ஒத்திசைவுத் துடிப்புக்குப் பின்னால், இந்தத் துணை அலையின் மாதிரி பத்துச் சுற்று அளவுக்கு அனுப்பப்படுகிறது. கலர் பர்ஸ்ட் என்பது இதுதான். டிவி தன்னிடமுள்ள கிரிஸ்டலை அந்த மாதிரியோடு இணைத்துப் பூட்டிக்கொண்டு, அதன் பிறகே கோட்டில் வரும் நிறங்களை அளக்கிறது. அந்தப் பூட்டு விழுவதற்கு இரண்டு அலைகளும் சில நூறு ஹெர்ட்ஸ் வேறுபாட்டுக்குள் இருக்க வேண்டும். என் கன்சோல் அனுப்பியதோ எட்டரை லட்சம் ஹெர்ட்ஸ் தள்ளியிருந்தது. பூட்டு விழாதபோது கண்டபடி நிறங்களைக் காட்டாமல் இருப்பதற்காக, கலர் கில்லர் என்ற சுற்று வண்ணப் பாதையை மொத்தமாக அடைத்துவிடுகிறது. அதனால்தான் வண்ண அளவை 100-இல் வைத்தும் எதுவும் மாறவில்லை.

படம் மட்டும் ஏன் ஒழுங்காக நின்றது என்பதற்கும் காரணம் உண்டு. கன்சோல் நொடிக்கு ஏறத்தாழ 15,700 கிடைக்கோடுகளை அனுப்புகிறது, பேல் டிவிக்குப் பழக்கமானது 15,625. அரை சதவீத வேறுபாட்டை எந்த டிவியும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். நொடிக்கு 50 முறைக்குப் பதில் 60 முறை, அதாவது 60 ஹெர்ட்ஸில், திரை மேலிருந்து கீழாக வரையப்படுவதையும் என் டிவி ஏற்றுக்கொண்டது. அதைவிடப் பழைய டிவிகள் சிலவற்றில் இது நடக்காமல் படம் மேலும் கீழும் உருளும், அப்படிப்பட்ட டிவிக்கு இந்தப் பதிவில் வரும் தீர்வு உதவாது.

இவ்வளவு தெரிந்த பிறகும் இன்னொரு தவறு செய்தேன். மெகா டிரைவின் பலகையில் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா என்று தீர்மானிக்கும் ஜம்பர் ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவுக்கான பேல் கன்சோலும் இதுவும் அடிப்படையில் ஒன்றே என்பதால், ஜம்பரை 50-க்கு மாற்றினால் இது பேல் கன்சோலாகிவிடும் என்று நம்பி, பழைய இணைப்பை அறுத்துப் புதிய இணைப்பைப் பற்றவைத்தேன். படம் செங்குத்தில் சுருங்கி, மேலும் கீழும் கறுப்புப் பட்டை விழுந்தது. விளையாட்டின் வேகமும் இசையின் வேகமும் ஆறில் ஒரு பங்கு குறைந்தன. வண்ணம் அப்போதும் வரவில்லை.

காரணத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் கண்டுபிடித்தேன். இந்தக் கன்சோலில் வண்ணத் துணை அலைக்கென்று தனிக் கிரிஸ்டல் கிடையாது. தலைமைக் கடிகாரத்தை வீடியோ சிப் வகுத்து அந்த அலையை உண்டாக்குகிறது. 60 ஹெர்ட்ஸ் முறையில் 15-ஆல் வகுக்கிறது, 50 ஹெர்ட்ஸ் முறையில் 12-ஆல் வகுக்கிறது. ஜப்பான் கன்சோலின் தலைமைக் கடிகாரம் 53.693175 மெகாஹெர்ட்ஸ், பேல் கன்சோலில் அது 53.203425.

```
53.693175 / 15 = 3.579545
53.693175 / 12 = 4.474431
53.203425 / 12 = 4.433619
```

முதல் வரி என் கன்சோல் பிறந்த நிலை, மூன்றாவது வரி பேல் கன்சோல். ஜம்பரை மாற்றியதால் நான் போய் நின்றது நடு வரியில். 4.474 என்பது 4.433-க்கு அருகில் இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினாலும், வேறுபாடு 40,800 ஹெர்ட்ஸ். சில நூறு ஹெர்ட்ஸை மட்டும் பொறுத்துக்கொள்ளும் பூட்டுக்கு அது மிகப் பெரிய தூரம். இதே கணக்கு எதிர்த்திசையிலும் செல்லும். பேல் கன்சோலை ஜம்பர் மூலம் 60-க்கு மாற்றுபவர்களுக்கு 53.203425-ஐ 15-ஆல் வகுத்த 3.546895 கிடைக்கிறது, என்.டி.எஸ்.சி. தெரிந்த டிவியும் அதைக் காம்போசிட் வழியில் கறுப்பு வெள்ளையாகக் காட்டும். ஜம்பரைப் பழைய நிலைக்கே மாற்றி, அறுத்த இடத்தில் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து மூடினேன்.

ஆர்.ஜி.பி. உள்ளீடு கொண்ட டிவியாக இருந்தால் இதில் எதுவுமே தேவைப்பட்டிருக்காது. இந்தக் கன்சோலின் வட்டச் செருகியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனி முள்களில் வருகின்றன. அவற்றில் துணை அலை என்பதே இல்லை, ஆகவே பேலா என்.டி.எஸ்.சி.யா என்ற கேள்வியும் இல்லை. ஸ்கார்ட் செருகி உள்ள டிவி வைத்திருப்பவர் அதற்கான கேபிளை வாங்கிக்கொண்டு இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடலாம். எஸ்-வீடியோ அப்படி அல்ல. அதில் வெளிச்சமும் வண்ணமும் தனிக் கம்பிகளில் வந்தாலும், வண்ணக் கம்பியில் ஓடுவது அதே துணை அலைதான், ஆகவே பேல் டிவி அதையும் நிராகரிக்கும். டிவியைத் திறந்து 3.58 கிரிஸ்டல் சேர்க்கும் வழி சில மாடல்களில் உண்டு என்று அண்ணன் சொன்னார். படக்குழாயின் உயர் அழுத்தம் இருபதாயிரம் வோல்ட்டைத் தாண்டக்கூடியது, அந்த வேலையில் எனக்குப் பழக்கம் இல்லாததால் டிவியின் மூடியை நான் திறக்கவில்லை.

மீதமிருந்த வழி, படத்தை 60 ஹெர்ட்ஸிலேயே விட்டுவிட்டு வண்ணத்தை மட்டும் பேல் முறையில் எழுதவைப்பது. டிவி மெனுக்களில் சிலபோது PAL60 என்று வருவது இந்தக் கலவைதான். என் பலகையில் நிறங்களைக் காம்போசிட்டாகச் சேர்க்கும் என்கோடர் சிப் சிஎக்ஸ்ஏ1145. அதன் 6-ஆம் காலில் துணை அலை உள்ளே வருகிறது. 7-ஆம் கால் முறையைத் தேர்ந்தெடுக்கிறது, அதைத் தரையில் இணைத்தால் பேல். ஆக, 6-ஆம் காலைப் பலகையிலிருந்து பிரித்து 4.433619 மெகாஹெர்ட்ஸ் அலையைக் கொடுக்க வேண்டும், 7-ஆம் காலைப் பிரித்துத் தரையில் கட்ட வேண்டும்.

கால்களைத் தூக்குவதுதான் கை நடுங்கிய இடம். செம்புப் பின்னலை வைத்து ஈயத்தை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகும் 6-ஆம் கால் துளையின் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருந்தது. அவசரப்பட்டு ஊசியால் நெம்பியபோது கால் சிப்பின் கழுத்தருகே வளைந்தது, இன்னொரு முறை வளைத்திருந்தால் முறிந்திருக்கும். பிறகு புதிய ஈயத்தைச் சிறிது சேர்த்து உருக்கி, மறுபடியும் உறிஞ்சிய பின் கால் தானாகவே அசைந்தது. பழைய ஈயத்தின்மேல் புதியதைச் சேர்த்தால் எளிதாக உருகும் என்பதை 7-ஆம் காலில் முதலிலேயே செய்தேன், அது ஒரே முயற்சியில் வந்தது. தூக்கிய இரண்டு கால்களுக்கும் அடியில் வெப்பம் தாங்கும் ஒட்டுத்தாளைச் செருகினேன்.

அலைக்கு, 4.433619 என்று பொறித்த சாதாரணக் கிரிஸ்டல், 74எச்சியு04 இன்வர்ட்டர் சிப், அதன் ஒரு கதவின் குறுக்கே 1 மெகாஓம் மின்தடை, கிரிஸ்டலின் இரு முனைகளிலிருந்தும் தரைக்கு 15 பிகோஃபாரட் கெப்பாசிட்டர் ஆகியவற்றைக் கொண்டு விரல் நக அளவுத் துளைப் பலகையில் சுற்றை அமைத்தேன். 15 என்ற அளவுக்குக் காரணம், பெட்டியில் அதுதான் கையிருப்பில் இருந்தது. கன்சோலிலுள்ள 7805 ரெகுலேட்டரின் வெளிமுனையிலிருந்து 5 வோல்ட் எடுத்து, சிப்பின் அருகே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தேன்.

முதலில் 6-ஆம் காலை மட்டும் இணைத்துப் பார்த்தேன், 7-ஆம் காலுக்கு அதன் பழைய இணைப்பையே கம்பியால் கொடுத்திருந்தேன். படம் கறுப்பு வெள்ளையாகவே இருந்தது, ஆனால் சாம்பல் மேலிருந்த செங்குத்துக் கோடுகள் காணாமல் போய், மிக நுண்ணிய புள்ளிகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. அதிர்வெண் 4.43-க்கு வந்துவிட்டதால் டிவியின் வடிகட்டி அதை வெளிச்சத்திலிருந்து பெருமளவு நீக்கத் தொடங்கியிருந்தது. ஆனாலும் வண்ணம் வரவில்லை, ஏனெனில் பேல் முறையில் பர்ஸ்ட்டின் கட்டம், அதாவது அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது, ஒரு கோடு விட்டு ஒரு கோடு மாறி மாறி வர வேண்டும், அந்த மாற்றத்தைக் காணாமல் டிவி அதைப் பேல் என்று ஒப்புக்கொள்வதில்லை. அதிர்வெண், கட்ட மாற்றம் இரண்டும் தேவை என்பதை இந்தப் படி கண்முன்னே காட்டியது.

7-ஆம் காலைத் தரையில் இணைத்து மறுபடி மின்சாரம் கொடுத்தேன். ஒரு நொடி சாம்பலாக இருந்த திரை, சட்டென்று முழு நிறத்துக்கு மாறியது. ஏறத்தாழ பத்து நிமிடம் விளையாடினேன். பிறகு அதே வேகத்தில் நிறம் போய்விட்டது. மெல்ல மங்கவில்லை, விளக்கை அணைத்தது போல மொத்தமாகப் போனது. கன்சோலை அணைத்துச் சற்று நேரம் விட்டுப் போட்டால் நிறம் சிலபோது வரும், சிலபோது வராது.

இது என் பற்றவைப்பின் குறை என்று நினைத்து இரண்டு மாலைகளை இணைப்புகளைத் திரும்ப உருக்குவதில் செலவிட்டேன். பிறகு அண்ணனிடமிருந்து ஃப்ரீக்வன்சி கவுன்ட்டரைக் கடன் வாங்கி, கிரிஸ்டலின் முனையில் அல்லாமல் இன்வர்ட்டரின் இன்னொரு கதவின் வெளிமுனையில் அளந்தேன். கிரிஸ்டலிலேயே அளந்தால் கவுன்ட்டரின் கம்பியே அதிர்வெண்ணை மாற்றிவிடும். காட்டிய எண் 4.434150. இருக்க வேண்டியதைவிட 531 ஹெர்ட்ஸ் அதிகம். டிவியின் பூட்டு எட்டக்கூடிய எல்லையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்திருக்கிறேன், ஆகவே கருவி சூடேறி அலை சில பத்து ஹெர்ட்ஸ் நகர்ந்ததும் பூட்டு கழன்று கலர் கில்லர் பாதையை அடைத்திருக்கிறது.

கிரிஸ்டலின் மேல் எழுதிய அதிர்வெண், அதற்கு விதிக்கப்பட்ட கெப்பாசிட்டன்ஸ் சுமை இருந்தால்தான் கிடைக்கும். சுமை குறைந்தால் அதிர்வெண் ஏறும். ஒரு பக்கத்து 15 பிகோஃபாரட்டை எடுத்துவிட்டு 33 பிகோஃபாரட் வைத்தேன், மறுபக்கத்தில் 10 முதல் 60 பிகோஃபாரட் வரை திருப்பக்கூடிய டிரிம்மர் வைத்தேன். உலோகத் திருப்புளியைக் கொண்டு திருப்பும்போது எண் தாவியது, கையை எடுத்ததும் வேறு இடத்தில் நின்றது. பிளாஸ்டிக் முனைகொண்ட திருப்புளிக்கு மாறிய பிறகு 4.433620-இல் நிறுத்த முடிந்தது. கன்சோலை மூடி ஒரு மணி நேரம் ஓடவிட்டு, திறந்து உடனே அளந்தபோது 4.433598 காட்டியது. இருபது ஹெர்ட்ஸ் நகர்வு டிவிக்கு ஒரு பொருட்டே அல்ல. அன்று மாலை நான்கு மணி நேரத்தில் வண்ணம் ஒருமுறைகூடப் போகவில்லை.

ஒரு சிறு திருத்தம் மீதமிருந்தது. இன்வர்ட்டரின் 5 வோல்ட் சதுர அலையை நேரடியாக 6-ஆம் காலில் கொடுத்திருந்ததால், கறுப்புப் பின்னணியில் சாய்வான மெல்லிய இரைச்சல் ஓடியது. இடையில் 2.2 கிலோஓம் மின்தடையையும் 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரையும் தொடராகச் சேர்த்ததும் அது மறைந்தது. அந்தக் கம்பியையும் 12 செ.மீ. நீளத்திலிருந்து 4 செ.மீ. ஆகக் குறைத்தேன், இரண்டில் எது அதிகம் உதவியது என்று தனித்தனியாகப் பார்க்கவில்லை.

கிடைத்த படம் எல்.சி.டி. டிவியில் பார்த்த மூலப் படத்தைப் போன்றதே அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மாற்றாத கன்சோலில் ஒரு கிடைக்கோட்டுக்குச் சரியாக 228 துணை அலைச் சுற்றுகள் அமைகின்றன. முழு எண்ணாக இருப்பதால் ஒவ்வொரு கோட்டிலும் வண்ணப் பிழை அதே இடத்தில் விழுந்து, நெருங்கிய புள்ளிகள் மேல் அசையாத வானவில் பட்டைகளாக நிற்கிறது. நான் முதலில் எண்ணிய செங்குத்துக் கோடுகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நின்றதற்கும் இதுவே காரணம். தனி ஆஸிலேட்டர் வைத்த பிறகு கோட்டுக்கு ஏறத்தாழ 282.4 சுற்றுகள் வருகின்றன, அதுவும் கடிகாரத்தோடு பிணைப்பில்லாமல். ஆகவே நின்றுகொண்டிருந்த பட்டைகள் கரைந்துபோய், சிவப்பும் நீலமும் சந்திக்கும் ஓரங்களில் சிறு புள்ளிகள் எறும்புச் சாரை போல ஊர்கின்றன. உட்காரும் தூரத்திலிருந்து அது தெரிவதில்லை. அருவியை ஒளி ஊடுருவுவது போலக் காட்டக் கோடு விட்டுக் கோடு வரைந்த விளையாட்டுகளில் மட்டும், முன்பு வானவில்லாகக் கலந்த இடம் இப்போது மினுமினுக்கிறது. எனக்கு அது ஏற்கத்தக்க விலைதான், அந்த வானவில்லை விரும்புவோருக்கு அப்படி இராது.

மறுபடி செய்வதானால், முதல் நாளே கன்சோலைப் பல முறைகளை ஏற்கும் டிவியில் பொருத்திப் பார்த்து, டிவி மெனுவில் NTSC இருக்கிறதா என்று படித்துவிட்டுத்தான் சால்டரிங் அயர்னைச் சூடாக்குவேன். செலவானதில் பெரும்பங்கு தேவையற்ற கேபிளுக்கும் கெப்பாசிட்டர்களுக்கும் போனது, கிரிஸ்டலும் இன்வர்ட்டரும் அதில் மிகச் சிறிய பகுதி. தனிக் கிரிஸ்டலுக்குப் பதில், உலோகப் பெட்டிக்குள் முழுச் சுற்றும் அடங்கிய ஆஸிலேட்டர் மாட்யூலை வாங்குவேன். அதிலும் துல்லியத்தைப் பார்த்து வாங்க வேண்டும், பத்து லட்சத்துக்கு 50 பங்கு என்றால் அதிகபட்சப் பிழை 222 ஹெர்ட்ஸ், 100 பங்கு என்றால் 443 ஹெர்ட்ஸ், இரண்டாவது என்னைப் போலவே விளிம்பில் கொண்டுபோய் நிறுத்தும். 6, 7 கால்களின் இரண்டு இணைப்புகளையும் ஒரே நேரத்தில் மாற்றும் இருமுனை ஸ்விட்ச் ஒன்றையும் சேர்ப்பேன், அப்போது என்.டி.எஸ்.சி. தெரிந்த டிவி கிடைக்கும்போது மூல நிலைக்குத் திரும்பலாம்.

இப்போதைக்கு ஸ்விட்ச் இல்லை. மூடியின் உட்புறத்தில் ஒரு தாளை ஒட்டி, தூக்கிய கால்களின் எண்களையும், டிரிம்மரை எந்த எண்ணில் நிறுத்தினேன் என்பதையும், அறுத்துத் திரும்ப ஒட்டிய ஜம்பரின் இடத்தையும் படமாக வரைந்து வைத்திருக்கிறேன். எட்டுத் திருகுகளில் ஒன்றின் மரை முன்பே தேய்ந்திருந்தது, மற்ற ஏழையும் போட்டு மூடினேன்.